தாமரையும் சேறும்: புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு ஒரு வழி

சில வருடங்களுக்கு முன் தாராவியில் ஒரு பரிசளிப்பு விழா. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பையும் சான்றிதழும் கொடுத்தார்கள். மேடையில் பேசியவர் ஒரு பெண்ணைக் காட்டி, "சேற்றில் முளைத்த செந்தாமரை" என்றார். எல்லோரும் கை தட்டினோம், நானும் தட்டினேன். அந்தப் பெண்ணின் அம்மா எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். "அப்ப நாங்கதான் சேறாக்கும்" என்று மெதுவாகச் சொன்னார். என்னிடம் சொன்னதுகூட இல்லை, மடியில் இருந்த பையைப் பார்த்துச் சொன்னது.

அந்த ஒரு வரிக்கு என்னிடம் பதில் இல்லை. தாமரையைப் பற்றி நானே இரண்டு மூன்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன், "சேற்றில் பிறந்தும் சேறு ஒட்டாத மலர் என்று கீதை சொல்கிறது" என்று. வீட்டுக்கு வந்து கீதையை எடுத்துப் பார்த்தால் அங்கே மலரும் இல்லை, சேறும் இல்லை. அதற்குப் பிறகுதான் ஒழுங்காக, ஒவ்வொரு நூலாக, என்னதான் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். புதிதாக இதைப் படிக்க நினைப்பவர்கள், பேச்சுப் போட்டிக்கோ கட்டுரைக்கோ தயார் செய்பவர்கள், நான் போன வழியிலேயே போகலாம். ஒரு வார இறுதி போதும். மும்பையில் இருந்தால் இன்னும் வசதி, ஏன் என்று கடைசியில் தெரியும்.

முதலில் காய்கறிக் கடைக்குப் போங்கள்

புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் இலையைப் பாருங்கள். மும்பையில் தாமரை மொட்டு தாதர் பூ மார்க்கெட்டில் கிடைக்கும், இலை கிடைப்பது கஷ்டம். பரவாயில்லை, சேம்பிலை எல்லாக் காய்கறிக்காரரிடமும் இருக்கும், மராத்தியில் 'அளூ' என்று கேளுங்கள், வடி என்ற பலகாரம் செய்வதற்காகக் கட்டுக் கட்டாக விற்பார்கள். தாமரை இலை செய்வதைச் சேம்பிலையும் செய்யும். ஒரு இலையைத் தட்டில் விரித்து நான்கு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு பரவாது, பாதரசம்போல் உருண்டையாக நிற்கும். இலை மேல் கொஞ்சம் மஞ்சள்தூள் தூவிவிட்டுத் தட்டைச் சாய்த்தால், உருண்டு ஓடும் சொட்டு தூளையும் அள்ளிக்கொண்டு போகும், போன தடத்தில் இலை பளிச்சென்று இருக்கும்.

காரணம், இலையின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத மேடுகள் நெருக்கமாக இருக்கின்றன, அவற்றின் மேல் மெழுகுத் துகள்கள். சொட்டு மேடுகளின் உச்சியில் மட்டும் தொட்டு நிற்கிறது, அடியில் காற்று. ஜெர்மனியின் பான் நகரத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் இதை விரிவாக ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்க இதற்குத் 'தாமரை விளைவு' என்றே பெயர்.

அப்புறம் இன்னொன்றும் செய்யுங்கள், இதுதான் முக்கியம். இலையில் ஓர் இடத்தை விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு, அங்கே வெறும் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒட்டாமல் இருப்பது இலைக்கு வரமாகக் கிடைத்த ஒன்று இல்லை, மேல்தோல் சிதையாமல் இருக்கும் வரைக்கும்தான். தாமரையில் இன்னொரு நுணுக்கம் உண்டு: மிதக்கும் இலையின் மேல்பக்கம் தண்ணீரைத் தள்ளும், அடிப்பக்கம் தண்ணீரோடு நன்றாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே இலைதான். (சேம்பிலையைத் தொட்ட கையைக் கழுவிவிடுங்கள், சிலருக்கு அரிக்கும்.)

ஒரு வரியைப் படிக்கும்போது மூன்று கேள்வி

இப்போது நூல்களுக்கு வரலாம். தாமரை வருகிற எந்த வரியைக் கண்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள். தாமரையில் எந்த உறுப்பைச் சொல்கிறார்கள், இலையா பூவா தண்டா? அதற்கு எதிரில் இருப்பது எது, தண்ணீரா சேறா குப்பையா? நடக்கிற வினை என்ன, ஒட்டாமல் இருப்பதா, மேலே எழுவதா, பிறப்பதா? இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கீதை 5-ஆம் அத்தியாயம் 10-ஆவது சுலோகத்தை எடுங்கள். "பத்மபத்ரமிவாம்பஸா". பத்ரம் என்றால் இலை, அம்பஸ் என்றால் தண்ணீர். பற்றை விட்டுச் செயல் செய்பவனைப் பாவம் தீண்டாது, தாமரை இலையைத் தண்ணீர் தீண்டாததுபோல. உறுப்பு இலை, எதிரில் தண்ணீர், வினை ஒட்டாமை. சாந்தோக்ய உபநிடதத்தில் சத்தியகாம ஜாபாலர் தன் மாணவன் உபகோசலனுக்குச் சொல்வதும் இதே இலை, இதே தண்ணீர்தான். பௌத்தத்தின் தம்மபதம் 401-ஆவது பாடலும் அப்படியே: தாமரை இலைமேல் நீர்போல, ஊசிமுனையில் கடுகுபோல, ஆசைகள் எவனிடம் ஒட்டாதோ அவனை நான் பிராமணன் என்பேன் என்கிறார் புத்தர். கடுகு ஊசிமுனையில் நிற்காது, உருண்டுவிடும். நீங்கள் தட்டில் பார்த்த அதே காட்சி.

இவை எதிலும் சேறு கிடையாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் மேடையில் சொன்ன தப்பு இதுதான். இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் தமிழ்ப் பேச்சில் ஒரு விசித்திரம் இருக்கிறது. "அவர் வீட்டில் தாமரை இலைத் தண்ணீர் மாதிரிதான் இருக்கார்" என்று சொல்கிறோம் இல்லையா, அங்கே மனிதர் தண்ணீர், குடும்பம் இலை. கீதையில் மனிதன் இலை, வினை தண்ணீர். அங்கே பாராட்டு, நம் வீடுகளில் பெரும்பாலும் அது மனைவியின் மனக்குறை. உவமை ஒன்று, நிற்கிற இடம் மாறிவிட்டது. எழுதும்போது இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

அடுத்து பூ

புத்தரின் பேச்சுகளைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் ஓர் அருமையான காட்சி உண்டு. தோணன் என்ற பிராமணர் வழியில் புத்தரின் காலடித் தடத்தைப் பார்க்கிறார், அதில் சக்கரக் குறி. பின்தொடர்ந்து போய், மரத்தடியில் அமர்ந்திருப்பவரிடம் கேட்கிறார்: நீர் தேவரா? இல்லை. கந்தர்வரா? இல்லை. யட்சரா? இல்லை. சரி, மனிதரா? அதற்கும் இல்லை. பிறகு புத்தர் சொல்கிறார்: தாமரை தண்ணீரில் பிறந்து, தண்ணீரில் வளர்ந்து, தண்ணீரை விட்டு மேலே எழுந்து, தண்ணீர் ஒட்டாமல் நிற்கிறது, அதுபோல நான் உலகத்தில் பிறந்து, உலகத்தில் வளர்ந்து, உலகத்தை வென்று, அது ஒட்டாமல் இருக்கிறேன், என்னைப் புத்தன் என்று அறிந்துகொள்ளும்.

உறுப்பு பூ, வினை எழுவது. ஆனால் எதிரில் இருப்பது இங்கேயும் தண்ணீர்தான். இதற்கு அண்ணன் மாதிரி இன்னொரு பகுதி சம்யுத்த நிகாயம் என்ற இன்னொரு தொகுப்பில் இருக்கிறது: ஞானம் பெற்ற பிறகு போதிப்பதா வேண்டாமா என்று தயங்கும் புத்தரை பிரம்மா ஸஹம்பதி வேண்டிக்கொள்ள, அவர் உலகத்தைப் பார்க்கிறார். குளத்தில் சில பூக்கள் நீருக்குள்ளேயே, சில நீர்மட்டத்தில், சில நீருக்கு மேலே. மனிதர்களும் அப்படி, சிலர் கண்ணில் தூசு குறைவு, சிலர் கண்ணில் அதிகம். போதிக்க முடிவு செய்கிறார். இங்கே ஒரே ஒரு பூவின் வெற்றி என்ற பேச்சே இல்லை, ஒரு குளம் முழுக்கப் பல நிலையில் பூக்கள். நீருக்குள் இருப்பவை கெட்டவை என்று ஒரு சொல்லும் இல்லை. எனக்கு இது மிகவும் பிடித்த பகுதி, வேகமாகக் கடந்து போய்விடாதீர்கள்.

திருக்குறள் 595 உங்களுக்குத் தெரிந்ததுதான்: "வெள்ளத் தனைய மலர்நீட்டம்". தாமரை என்று பெயர் சொல்லவில்லை, நீர்ப்பூ என்றே பொதுவாகக் கொள்ள வேண்டும். நீர் எவ்வளவோ தண்டு அவ்வளவு, ஊக்கம் எவ்வளவோ உயர்வு அவ்வளவு. இங்கே தண்ணீர் ஒட்டாமல் விலக்க வேண்டிய ஒன்று இல்லை, பூவைத் தூக்கிப் பிடிக்கிற ஒன்று. அதே பொருள், நேர் எதிர் வேலை.

சரி, சேறு எங்கே?

முதலில் பெயரிலேயே இருக்கிறது. பங்கம் என்றால் சேறு, பங்கஜம் என்றால் சேற்றில் பிறந்தது. தமிழில் பங்கயம். நியாய தத்துவக்காரர்கள் சொற்பொருள் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லைத்தான் எடுத்துக்காட்டாக எடுப்பார்கள்: சேற்றில் புழு பிறக்கிறது, கோரை முளைக்கிறது, ஆனாலும் பங்கஜம் என்றால் யாரும் புழுவை நினைப்பதில்லை, தாமரையை மட்டும்தான். பகுதி விகுதி ஒரு பொருளைத் தருகிறது, வழக்கு அதை ஒன்றுக்கு மட்டும் என்று சுருக்குகிறது. திருமுருகாற்றுப்படையிலும் சேறு வருகிறது, "இருஞ்சேற்று அகல்வயல்" என்று. அங்கே மலர்ந்த முள்தாள் தாமரைக்குள் இரவில் வண்டு தூங்குகிறது. அது வெறும் வயல்சேறு, அழுக்கு என்ற எண்ணமே அதில் இல்லை, நெல் விளைகிற சேறு.

அழுக்கோடு நேராக வைத்துப் பேசுவது தம்மபதம் 58, 59. பெருவழியில் கொட்டிய குப்பைமேட்டில் மணமுள்ள தாமரை பிறப்பதுபோல, குருட்டு மக்கள் கூட்டத்தில் புத்தரின் சீடர் அறிவால் ஒளிர்கிறார் என்று பாட்டு. அன்று மேடையில் பேசியவர் சொன்னதற்கு மிக நெருக்கமானது இதுதான், கடுமையும் அதே கடுமை. "சேற்றிலிருந்து எழுந்தும் கறைபடாதது" என்று இப்போது எல்லோரும் பகிர்கிற வாக்கியம் இருக்கிறதே, அந்த வடிவத்தில் அது புகழ்பெற்றது 11-ஆம் நூற்றாண்டுச் சீன அறிஞர் ஜோ துன்யியின் ஒரு சிறு கட்டுரையால். அவர் கன்பூசிய மரபுக்காரர். ஆகவே அந்த வாக்கியத்தின் கீழே கீதை என்றோ புத்தர் என்றோ போடாதீர்கள்.

இப்போது இரண்டு இடங்கள், அந்த அம்மாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியவை.

ஒன்று, விமலகீர்த்தி நிர்தேச சூத்திரம். வைசாலி நகரத்து இல்லறத்தான் ஒருவனை மையமாக வைத்த மகாயான பௌத்த நூல். குமாரஜீவர் 406-இல் சீனத்தில் மொழிபெயர்த்தார், சமஸ்கிருத ஏடு லாசாவின் பொட்டாலா அரண்மனையில் 1999-இல்தான் கண்டெடுக்கப்பட்டது. அதில் மஞ்சுஸ்ரீ என்ற போதிசத்துவர் சொல்கிறார்: மேட்டு நிலத்தில், காய்ந்த தரையில் தாமரை முளைக்காது, தாழ்ந்த ஈரச் சேற்றில்தான் முளைக்கும், அதுபோல மன மாசுகளின் சேற்றில்தான் புத்தத்தன்மை முளைக்கிறது. மூன்று கேள்வியை இங்கே போட்டுப் பாருங்கள். உறுப்பு செடி முழுவதும், எதிரில் சேறு, வினை முளைப்பது. ஒட்டாமை பற்றிப் பேச்சே இல்லை. சேறு இருந்தும் என்பது போய், சேறு இருப்பதால்தான் என்று வந்துவிட்டது.

இன்னொன்று நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்ரீஸூக்தம் என்ற லட்சுமி துதி, மும்பை மாட்டுங்காவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருவில் நடந்தாலே காதில் விழும். அதில் "கர்தமேன ப்ரஜாபூதா மயி ஸம்பவ கர்தம" என்று ஒரு வரி. கர்தமன் லட்சுமியின் மகன் என்பது மரபு, சொல்லின் நேர்ப்பொருள் சேறு. சேறே, என்னிடம் வா, தாமரை மாலை அணிந்த உன் தாயை என் குடும்பத்தில் தங்கவை என்று வேண்டுதல். அடுத்த வரியில் ஈரத்தைக் கூப்பிடுகிறார்கள். விளைச்சலைக் கேட்கிறவர்கள் சேற்றை வீட்டுக்குள் அழைக்கிறார்கள். லட்சுமி அமர்ந்திருக்கும் தாமரைக்குப் 'பற்றின்மை' என்று பொருள் எழுதுகிறவர்கள் இந்த வரியை ஒருமுறை படிக்க வேண்டும், அங்கே தாமரை என்பது வளம், நிறைவு, பெருக்கம்.

செடியும் இதைத்தான் காட்டுகிறது. காய்கறிச் சந்தையில் 'கமல் கக்டி' என்று தாமரைக் கிழங்கு விற்பார்கள், ஒன்று வாங்கிக் குறுக்கே நறுக்குங்கள். வட்டமாகத் துளைகள். சேற்றுக்குள் காற்று கிடையாது, மேலே இலை வாங்கும் காற்று தண்டு வழியாக இறங்கி இந்தத் துளைகளில்தான் ஓடுகிறது. கிழங்கு சேற்றிலிருந்து சத்தை மேலே அனுப்புகிறது, இலை கீழே மூச்சை அனுப்புகிறது. வாங்கும்போது இரண்டு முனையும் மூடியிருக்கும் துண்டாகப் பார்த்து வாங்குங்கள், முனை உடைந்திருந்தால் துளைக்குள் சேறு போய் எவ்வளவு அலசினாலும் நறநறவென்று இருக்கும். மூடியிருந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்கும், இத்தனைக்கும் அது வளர்ந்த காலமெல்லாம் சேற்றுக்குள்தான் கிடந்தது.

கடைசியாக கண்ஹேரி

படித்ததைக் கல்லில் பார்க்க, போரிவலி கிழக்கில் இறங்கி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குப் போங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும். வாசலிலிருந்து கண்ஹேரி பௌத்தக் குகைகள் பல கிலோமீட்டர் உள்ளே, நடந்து போய்க் களைத்துவிடாமல் உள்ளே ஓடும் வண்டியில் போவது நல்லது. கருங்கல் மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள், எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். பெரிய சைத்தியமான, அதாவது வழிபாட்டு மண்டபமான 3-ஆம் எண் குகையைப் பார்த்துவிட்டு நேராக 90-ஆம் எண்ணைக் கேட்டுக்கொண்டு மேலே ஏறுங்கள். கைவிளக்கு கட்டாயம் வேண்டும். விளக்கை நேராக அடித்தால் சிற்பம் தட்டையாகத் தெரியும், பக்கவாட்டில் பிடியுங்கள், தண்டும் இதழும் நிழலோடு எழுந்து வரும். தொடாதீர்கள்.

அங்கே இரண்டு தாமரைகளைத் தேடுங்கள். ஒன்று கருணையின் வடிவான போதிசத்துவர் அவலோகிதேசுவரர் கையில் இருப்பது, நீளத் தண்டோடு. அவருக்கு இரு பக்கமும் சின்னச் சின்னக் கட்டங்களில் ஆபத்தில் மாட்டியவர்கள், யானை துரத்துகிறது, கப்பல் கவிழ்கிறது, அவரைக் கூப்பிடுகிறார்கள். கையில் தாமரை வைத்திருப்பவர் உலகத்தை விட்டு விலகி நிற்பவர் இல்லை, கூப்பிட்டால் வருபவர். அதனால் கையில் உள்ள தாமரைக்கு உடனே "ஒட்டாமை" என்று குறிப்பு எழுதிவிடாதீர்கள், சுற்றியிருக்கும் கட்டங்களைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மற்றது புத்தர் அமர்ந்திருக்கும் தாமரை. புதிதாகப் பார்ப்பவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். விளக்கைக் கீழே இறக்குங்கள். பூவுக்குக் கீழே தடித்த தண்டு, அதன் இரு பக்கமும் நாகர்கள், தலைக்கு மேல் படமெடுத்த பாம்போடு, தண்டைக் கையால் பிடித்திருக்கிறார்கள். நாகர்கள் நீருக்கு அடியில் வாழ்பவர்கள். சிற்பி தண்ணீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதையும் சேர்த்துச் செதுக்கியிருக்கிறார். மற்ற இடங்களில் நீங்கள் பார்க்கும் தாமரைப் பீடங்கள் பலவற்றில் தண்டே இருக்காது, இதழ் மேலும் கீழுமாக விரிந்த ஆசனம் மட்டும்தான், அவற்றை வைத்துக்கொண்டு சேற்றைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. இங்கே பொருந்தும்.

போன தை மாதம் அந்த அம்மாவையும் பெண்ணையும் அழைத்துப் போயிருந்தேன். பெண் இப்போது கல்லூரி, வழியெல்லாம் போனில் படம் எடுத்துக்கொண்டே வந்தாள். 90-ஆம் குகையில் நான் விளக்கைப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா குனிந்து, தண்டைப் பிடித்திருந்த கைகளை ரொம்ப நேரம் பார்த்தார். "அக்கா, இந்தப் பக்கம் கொஞ்சம் காட்டுங்க, இவங்க மூஞ்சி சரியாத் தெரியல" என்றார். விளக்கை இன்னும் சாய்த்துப் பிடித்தேன். அந்தப் பக்கத்து நாகரின் முகம் தேய்ந்துபோயிருந்தது, பிடித்திருந்த கை தெளிவாக இருந்தது.